கலியாண வீட்டுப் படத்தை வேலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்து முடித்துவிட்டு, கொழும்பு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். லிங்க்ட்இன் பக்கத்தில் போடுவதற்கு நல்ல படம் என்னிடம் இல்லை. கமராவுக்கு முன்னால் நின்றாலே முகம் இறுகிவிடும். கடந்த ஆவணியில் மச்சாளின் கலியாணத்தில் எடுத்த ஒரு படத்தில் மட்டும் இயல்பாகச் சிரித்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் வந்த அந்தப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். முகம் மஞ்சளாகவும் இருட்டாகவும் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் தோளும் விழுந்திருக்கிறது. அண்ணாவின் நண்பர் ஒருவர், படத்தைத் தெளிவாக்கி, நிறத்தைக் கூட்டி, சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து வந்த கன்னத் தழும்பை எடுத்து, கோட்டும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். எதுவரை செய்யலாம்? நேர்முகத் தேர்வில் என்னைப் பார்ப்பவர்கள் ஏமாற்றிவிட்டேன் என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, கோண்டாவில்

அன்புத் தங்கைக்கு,

அண்ணாவின் நண்பர் சொன்ன நான்கு வேலைகளில், யாரும் குற்றம் சொல்லாத வேலையாக உங்களுக்குத் தோன்றியிருக்கக்கூடியது ‘தெளிவாக்குவது’தான். எனக்கோ அதுதான் முதல் கவலை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைக் கணினியில் திறந்து அளந்து பார்த்தேன். அகலம் 1600 பிக்சல், உயரம் 1200. நால்வர் வரிசையாக நிற்கும் படம் என்பதால், உச்சந்தலையிலிருந்து நாடி வரைக்கும் உங்கள் முகத்துக்குக் கிடைத்திருப்பது ஏறக்குறைய 130 பிக்சல் மட்டுமே. தொழில் பக்கத்துக்கான படத்தில் தலை, சதுரத்தின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்காவது இருக்க வேண்டும். அப்படி வெட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 217 பிக்சல் சதுரம். லிங்க்ட்இன் கேட்பது குறைந்தது 400க்கு 400. எனவே இந்தப் பிரதியைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் ‘தெளிவாக்கும்’ செயலிகள் உள்ளே வருகின்றன. மங்கலான முகத்தைக் கொடுத்தால், கண்ணிமை மயிர் எண்ணும் அளவுக்குக் கூர்மையான முகத்தைத் திருப்பித் தருகின்றன. அந்த மயிர்கள் எங்கிருந்து வந்தன? உங்கள் படத்தில் அவை பதிவாகவே இல்லை. ஏராளமான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நிரல், இப்படிப்பட்ட கண்ணுக்கு இப்படித்தான் இமை இருக்கும், இப்படிப்பட்ட சிரிப்பில் பல்வரிசை இப்படித்தான் தெரியும் என்று ஊகித்து வரைந்துவிடுகிறது. முன்பல்லின் சிறிய இடைவெளி மூடப்பட்டுவிடும். கண்மணி பெரிதாகும். மூக்கின் நுனி மெலியும். நண்பர் உங்களை ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார், கூர்மையாக்கியதாகவே நம்புவார். ஆனால் வெளியே வருவது உங்கள் அக்காவையோ தங்கையையோ போன்ற ஒருவரின் முகம். இப்படிச் செய்த படத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கண்ணும் வாயும் கண்ணாடிபோலத் துலங்கும். காதும் தோடும் தலைமயிரும் பழையபடி மங்கலாகவே கிடக்கும். ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் கண்ணும் காதும் வேறு வேறு கூர்மையில் இருந்தால், அதில் ஒன்று கமரா எடுத்ததல்ல.

ஆகவே முதல் வேலை மூலப்படத்தைத் தேடி எடுப்பது. யாருடைய கைத்தொலைபேசியில் எடுத்தார்களோ அவரைப் பிடியுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வரும். இணைக்கும் பட்டியலில் Document என்பதைத் தெரிவுசெய்து, அதன் வழியாக அந்தப் படக்கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அளவு குறையாமல் வந்து சேரும். இன்றைய பெரும்பாலான கைத்தொலைபேசிகளின் வழமையான அளவான 4000க்கு 3000இல் எடுத்திருந்தால், அதில் உங்கள் தலை ஏறக்குறைய 325 பிக்சல் உயரம் இருக்கும். வெட்டினால் 540 பிக்சல் சதுரம் கிடைக்கும். பெரிய அளவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் உங்களுடையது, லிங்க்ட்இன்னுக்கும் அது போதும்.

அந்தப் படத்துக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. கையை நீட்டி நாமே எடுக்கும் படத்தில் கமரா முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும். அதைப் பிறகு திருத்த முயன்றால் முகத்தையே வளைக்க வேண்டிவரும். உங்களை எடுத்தவர் இரண்டு மீற்றர் அளவாவது தள்ளி நின்றிருக்கிறார். அதனால் முகத்தின் அளவுகள் நேரில் பார்ப்பவருக்குத் தெரிவதுபோலவே விழுந்திருக்கின்றன. அந்த வகையில் நீங்கள் நல்ல படத்தைத்தான் தெரிந்தெடுத்திருக்கிறீர்கள்.

இனி நிறம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

மஞ்சளை எடுப்பது ஒரு வேலை. வெள்ளையாக்குவது வேறொரு வேலை. இரண்டையும் ‘கலர் சரிபார்ப்பது’ என்ற ஒரே பெயரால் சொல்லிச் சொல்லி, நம் ஊரில் வித்தியாசமே மறைந்துவிட்டது. மண்டபத்து மஞ்சள் விளக்கு உங்கள் முகத்தில் பூசிய மஞ்சள் உங்களுடையதல்ல. அதை நீக்குவதில் பொய் எதுவும் இல்லை, நீக்காமல் விடுவதுதான் உங்களைத் தவறாகக் காட்டுவது. உங்கள் தோலின் நிறமோ உங்களுடையது. அதில் கைவைக்க எனக்கும் உரிமையில்லை, அண்ணாவின் நண்பருக்கும் இல்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய உங்கள் படத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. உங்களுக்கு வலப்பக்கத்தில் நிற்கும் பெரியவர் வெள்ளை வேட்டி உடுத்தியிருக்கிறார். அந்த வேட்டி படத்தில் பனங்கட்டி நிறத்தில் தெரிகிறது. வேட்டி வெள்ளை என்பது நமக்குத் தெரியும். அது வெள்ளையாகும்வரை முழுப்படத்தின் நிறத்தையும் மாற்றினால், உங்கள் முகமும் தன் சொந்த நிறத்துக்கு வந்துவிடும். Snapseed போன்ற இலவசச் செயலியே போதும். White Balance என்ற பகுதிக்குப் போய், துளி விடும் குழாய்போன்ற சின்னத்தைத் தொட்டு, வேட்டியில் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் வையுங்கள். மடிப்பின் நிழலில் வைக்காதீர்கள், பக்கத்துப் பட்டுச் சேலையின் சிவப்பு தெறித்திருக்கும் ஓரத்திலும் வைக்காதீர்கள். தலையில் வைத்த மல்லிகையை வெள்ளை என்று நம்பி அளப்பவர்களும் உண்டு. அது சற்று மஞ்சள் கலந்த வெள்ளை, அளவு பிழைக்கும். வேட்டியில் சரிபார்த்த பின் முகம் சிறிது வெளிறியதாகத் தெரிந்தால் Temperature என்பதை மிகச் சிறிதளவு மஞ்சள் பக்கம் திருப்புங்கள். மாலை விளக்கில் எடுத்த படத்துக்குச் சிறிய வெம்மை இருப்பது இயல்புதான்.

வேட்டியை வைத்து அளந்து முடிக்கும்வரைக்கும் படத்தை வெட்டக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பலர் முதலில் முகத்தை வெட்டியெடுத்துவிட்டு, பிறகு நிறத்துக்கு அளவுகோல் இல்லாமல் கண்மதிப்பில் தடவிக்கொண்டிருப்பார்கள். கண்மதிப்பு எப்போதும் வெள்ளைப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது இருட்டு. மேடை அலங்காரத்தின் விளக்குகளைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று கமரா தன்னைக் குறைத்துக்கொண்டது. அதனால்தான் முகம் கறுத்திருக்கிறது. இதற்கு Tune Image பகுதியில் Shadows என்பதை மட்டும் உயர்த்துங்கள். 30 அளவில் தொடங்கிப் பாருங்கள். Brightness என்பதை உயர்த்தினால் நிழலோடு சேர்த்து நெற்றியும் மூக்கின் மேடும் வெளுத்து, அந்த இடத்தில் தோலே இல்லாததுபோல் ஆகிவிடும். அப்படி வெளுத்தால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

முகத்தை மட்டும் தொட்டு வெளுப்பாக்கும் கருவிகளும் இருக்கின்றன. அவை செய்யும் பிழையைக் கழுத்தும் காதும் காட்டிக்கொடுத்துவிடும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கும் கை மூன்றாவது நிறம். இதை நம் ஊர்க் கலியாண அல்பங்களில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! சம்பந்தம் பேசக் கொடுக்கும் படத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லிப் பெற்றோரே கேட்கிறார்கள், படம் பிடிப்பவர்களும் கேட்காமலே செய்து பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் அப்படியே வேலைப் படத்துக்கும் நடந்து வந்துவிட்டது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. தன் நிறத்தோடு நன்றாக வெளிச்சம் பட்டு நிற்கும் ஒரு கறுத்த முகத்தின் அழகை, படம் எடுக்கும் தொழிலில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டு சொல்ல வேண்டும். நாமே அதைக் குறை என்று நினைத்துத் தடவி அழித்தால், வருகிற பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

உங்கள் சொந்த நிறம் எது என்பதில் உங்களுக்கே சந்தேகம் வரலாம். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். காலை எட்டு மணியளவில் விறாந்தையில், வெயில் நேராகப் படாத இடத்தில் வெளியே பார்த்து நின்று, ஒரு வெள்ளைத் தாளைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும் அந்தப் படம்தான் உங்கள் சாட்சி. திருத்திய கலியாணப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் கைத்தொலைபேசித் திரையின் வெளிச்சத்தைப் பாதியளவில் வையுங்கள். இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது நிறம் பார்த்தால் எல்லாம் பிழைக்கும். சில தொலைபேசிகளில் முன்பக்கக் கமராவில் அழகூட்டும் வசதி தானாகவே இயங்கும் என்பதால், சாட்சிப் படத்தைப் பின்பக்கக் கமராவால் எடுப்பது நல்லது.

தழும்புக்கு வருகிறேன். இதை நான் எடுத்துத் தரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முகத்தில் இருப்பவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும் பரு, நுளம்புக் கடி, கலியாண வீட்டு ஓட்டத்தில் கன்னத்தில் ஒட்டிய குங்குமத் துகள், முகத்துக்குக் குறுக்கே விழுந்த மயிர் ஆகியவை அந்த நாளின் தற்செயல்கள். Healing கருவியால் ஒரு தொடுதலில் எடுத்துவிடலாம். உங்கள் நாடியில் அன்றைக்கு இருந்த பருவை எடுங்கள், ஒரு குறையும் இல்லை. தழும்பு, மச்சம், பல்லின் அமைப்பு, மூக்கின் வடிவம் ஆகியவை நேர்முகத் தேர்வு அறைக்குள் உங்களோடு வரப்போகின்றவை. அவை இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் படத்தில் அந்தத் தழும்பு உண்மையில் இருப்பதைவிட ஆழமாக விழுந்திருக்க வாய்ப்பிருக்கிறது. விளக்கு மேலேயிருந்து பக்கவாட்டில் விழுகிறது. அப்படி விழும் வெளிச்சம் தோலின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு நிழலைக் கொடுத்துப் பெரிதாக்கும். நான் மேலே சொன்னதுபோல நிழலை உயர்த்தியதும் அது தன் உண்மையான அளவுக்கு இறங்கும். கண்ணுக்குக் கீழே உள்ள கருமையும் அப்படியே. அதனால் தழும்பைப் பற்றிய முடிவை நிறமும் வெளிச்சமும் சரிசெய்த பின் எடுங்கள். சாட்சிப் படத்தில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு இதிலும் தெரிந்தால் போதும். அதுவும் உங்களுக்கு மனச் சங்கடமாக இருந்தால், மற்றக் கன்னம் கமராவுக்கு நெருங்கியிருக்கும்படி தலையைச் சற்றுத் திருப்பி வேறொரு படம் எடுக்கலாம். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். இல்லாத கன்னம் ஒன்றை வரைந்து காட்டுவதுதான் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. தழும்பை அழித்த படத்தைப் போட்டுவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளை, அந்த அறையில் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்? ஐந்தொகை பற்றிக் கேள்வி வரும்போது, மயிரை இழுத்துக் கன்னத்தில் விட்டுக்கொள்ளத்தான் கை போகும். படத்தில் தழும்பு இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

தோலை வழவழப்பாக்குவதை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். 540 பிக்சல் படத்தில் தோலின் துளைகள் தெரியவே தெரியா, இல்லாததை மறைக்கப் போனால் மெழுகுப் பொம்மைதான் கிடைக்கும்.

இனிப் படத்தை வெட்டுவது. லிங்க்ட்இன் சதுரப் படத்தை வட்டமாகவே காட்டும். இது உங்களுக்கு வசதி. மச்சாளின் தோள் விழுந்திருப்பது கீழே இடது மூலையில். வட்டம் அந்த மூலையின் பெரும்பகுதியைத் தானே வெட்டிவிடும். தலைக்கு மேலே சிறிது இடம் விட்டு, கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்களவில் வரும்படி வெட்டிப் பாருங்கள். மிச்சம் தெரியும் தோளைப் பின்னணியோடு கரைத்துவிடலாம். பக்கத்தில் யார் நின்றார் என்பது உங்கள் தொழிலோடு சம்பந்தப்பட்ட செய்தியல்ல, அதை நீக்குவதால் யாரும் ஏமாறப் போவதில்லை. வேலை தேடும் பக்கத்தில் தன் தோள் இல்லாமல் போனதற்கு மச்சாளும் கோபிக்கமாட்டார்.

மேடை அலங்காரத்தை முழுவதும் வெட்டியெடுத்துச் சாம்பல் நிறம் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் அந்த வேலையில் முதலில் அடிபடுவது ஜிமிக்கியும், காதோரத்துச் சுருண்ட மயிரும்தான். செயலி அவற்றைப் பின்னணி என்று நினைத்துப் பாதியில் அறுத்துவிடும். படத்தைப் பெரிதாக்கி இரண்டு காதோரங்களையும் பாருங்கள். ஒரு தோடு முழுதாகவும் மற்றது அரைவாசியாகவும் இருந்தால், அந்தப் படத்தை விட்டுவிட்டு, Lens Blur கொண்டு பின்னணியை மெதுவாக மங்கலாக்குவதோடு நில்லுங்கள். மங்கிய விளக்குப் புள்ளிகள் பின்னால் இருப்பதால் எந்த நிறுவனமும் உங்களைக் கழிக்காது.

பின்னணியில் ஒரு எல்லை மட்டும் உண்டு. கொழும்பின் கண்ணாடிக் கட்டடத்தையோ, வரிசையாக மேசைகள் உள்ள அலுவலகத்தையோ பின்னால் ஒட்டாதீர்கள். வெறும் நிறம் ஒன்றும் சொல்வதில்லை. அலுவலகமோ, நீங்கள் அங்கே வேலை செய்திருக்கிறீர்கள் என்று சொல்கிறது. கழுத்தில் தொங்கும் நிறுவன அட்டை, இன்னும் பட்டமளிப்பு விழா நடக்காமலே போட்டுக்கொள்ளும் அங்கி எல்லாம் இதே வகைதான். முகத்தில் ஒரு புள்ளியும் மாற்றாமலே சொல்லக்கூடிய பொய்கள் இவை. கணக்குத் துறைக்கு வரப்போகும் உங்களுக்கு இவை மற்றவர்களைவிட அதிகம் உறுத்த வேண்டும்.

கோட்டை நான் அந்த அளவுக்குப் பெரிய பொய் என்று சொல்லமாட்டேன். அது ஒரு தகைமையையும் கோரவில்லை. ஆனால் அது நன்றாக வராது. ஒட்டப்படும் கோட்டு வேறு யாரோ ஒருவருக்காக, வேறொரு வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. உங்கள் முகத்துக்கு வெளிச்சம் வலப்பக்க மேலிருந்து வருகிறது. கோட்டின் மடிப்புகளில் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். தோள் அகலம் உங்களுடையதாக இராது, அதனால் தலை சிறுத்தோ பெருத்தோ தெரியும். கழுத்து சட்டைக் கழுத்துக்குள் போகும் இடத்தில், நாடியின் நிழல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். விண்ணப்பங்களைப் பார்ப்பது தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிப்பட்ட படங்களை நிறையப் பார்த்திருப்பார்கள். நாடிக்குக் கீழே ஒட்டு தெரிந்துவிட்டால், மேலே இருப்பதையும் நம்பத் தயங்குவார்கள்.

உங்களுக்கு எதற்குக் கோட்டு? இந்த நாட்டில் ஆசிரியரும் வங்கி அதிகாரியும் சட்டத்தரணியும் சேலை உடுத்தி வேலைக்குப் போகிறார்கள். படத்தில் உங்கள் சேலையின் தோள் மடிப்பு ஒழுங்காகக் குத்தப்பட்டிருக்கிறது. வெட்டிய பின் அட்டியலின் கீழ்ப்பகுதி படத்துக்கு வெளியே போய்விடும், மேல் பகுதி மட்டும் மெல்லிய சங்கிலிபோலத் தெரியும். பட்டின் சிவப்பு கண்ணைக் குத்தினால் Saturation என்பதை 15 அளவு குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் உதடும் கன்னமும் உயிரிழந்துவிடும். பொட்டை எடுக்க வேண்டாம். மல்லிகையும் இருக்கட்டும்.

மூலப்படம் அழிந்துபோயிருந்தால், அல்லது அதுவும் சின்னதாகவே இருந்தால், இந்தப் படத்தின் மேலுள்ள ஆசையை விட்டுவிடுங்கள். சாட்சிப் படம் எடுக்கச் சொன்ன அதே விறாந்தையில், அதே நேரத்தில், அண்ணாவை இரண்டு மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். தொலைபேசி உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும், 2x வைத்து எடுக்கட்டும். முகம் இறுகுவதற்கு நான் கண்ட மருந்து, படம் எடுப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பதுதான். கலியாண வீட்டில் உங்களைச் சிரிக்க வைத்தது யார் என்று யோசித்து, அவரை அண்ணாவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பேசி முடித்து அடுத்த பேச்சு தொடங்கும் முன் உள்ள அந்த ஒரு நொடியில்தான் நல்ல முகம் விழும். தொடர்ந்து எடுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு நல்லதைத் தெரிந்தெடுங்கள். அப்படி எடுத்த படத்தில் நான் மேலே சொன்ன திருத்தங்களில் முக்கால்வாசிக்குத் தேவையே இராது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். படத்தில் மூக்குக்கண்ணாடி இல்லாமல் இருந்து நேரில் போட்டுக்கொண்டு போவதையோ, மயிரை வேறுவிதமாகக் கட்டியிருப்பதையோ யாரும் ஏமாற்று என்று எண்ணமாட்டார்கள். அவர்கள் தேடுவது, கதவைத் திறந்து வருபவர் படத்தில் பார்த்தவர்தானா என்பதை மட்டுமே. அதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்கலாம். வீட்டாரிடம் காட்டிக் கேட்காதீர்கள். அம்மாவுக்கு எந்தப் படமும் நன்றாகத்தான் இருக்கும். உங்களை இரண்டொரு தடவை மட்டும் நேரில் கண்ட ஒருவரிடம், தோழியின் தாயாரிடமோ வகுப்புக்கு வந்துபோகும் ஒருவரிடமோ, படத்தைச் சின்னதாகக் காட்டுங்கள். உடனே உங்கள் பெயர் வந்தால் சரி. ‘நீங்களா? நல்லா வந்திருக்கிறது’ என்று ஒரு தயக்கத்துக்குப் பிறகு வந்தால், நிறத்துக்கோ நிழலுக்கோ திரும்பிப் போய், செய்ததில் பாதியைக் குறையுங்கள்.

நான் மேலே சொன்ன சலுகைகள் எல்லாம் தொழில் பக்கத்துக்கும், தற்குறிப்பில் ஒட்டும் படத்துக்கும் மட்டுமே. ஆளை அடையாளம் காட்டும் ஆவணம் என்று வந்துவிட்டால் பருவையும் எடுக்கக்கூடாது. நம் நாட்டில் கடவுச்சீட்டுக்கும் தேசிய அடையாள அட்டைக்கும் பதிவுபெற்ற படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்து, அங்கிருந்தே திணைக்களத்துக்கு அனுப்புவதும் இதற்காகத்தான். அமெரிக்க விசாப் படத்திலும் எந்தச் செயலியாலும் முகத்தை மாற்றக்கூடாது என்று விதியிருக்கிறது. வேலை கிடைத்தபின் அலுவலக அட்டைக்குப் படம் கேட்டால், இந்தப் படத்தைக் கொடுக்காமல் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள். மூலப்படம் கைக்கு வந்ததும், அண்ணாவின் நண்பரிடம் கொடுப்பதற்கு முன் தொலைபேசியில் படத்தின் விவரத்தைத் திறந்து அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 3000க்குக் குறைவாக இருந்தால் வெட்டிய சதுரம் 400ஐ அரும்பொட்டில்தான் தொடும், சில வேளை தொடாமலும் போகும். அந்த நிலையில் அண்ணாவை விறாந்தைக்குக் கூப்பிடுவதே நல்லது.